ஆடிக்குச் சுங்குடி: நம் கடைக்கான திட்டம்

அப்பா, சித்தப்பா இருவரின் பார்வைக்கு,

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ரவிக்கை வேலை படுத்துவிடுகிறது; வாடகை படுப்பதில்லை. ஆடியில் சுங்குடிப் பருத்தியில் குழந்தைகளுக்கான கவுன் தைத்து, தீபாவளிக்கு விற்கலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைத் துணி இது. ஊருக்கு வருவோர் சேலையாக மட்டுமே வாங்கிப் போகிறார்கள்.

ஐந்தரை மீட்டர் சேலையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று கவுன் தாராளமாக வெட்டலாம். கரையைக் கீழ் விளிம்பாக வைத்தால் மடித்தடிக்கும் வேலையும் மிச்சம். வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, சாயமும் இறங்கி, நம் பெயர் கெடும். முதலில் பத்துச் சேலை போதும். கடன் வேண்டாம்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மாறக்கூடாது. வாசலோர இயந்திரமும் அளவு நோட்டும் அவர்களுக்கே. சொன்ன தேதி தவறினால் அன்று கவுன் வேலை நிற்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேட உடை தைப்பதையும் விட வேண்டாம். லாபம் சொற்பம்தான், ஆனால் அந்த வீட்டுப் பெண்கள்தாம் கல்யாண ரவிக்கைக்கும் நம்மைத் தேடி வருகிறார்கள். கிழிசல் தைக்க வருபவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. (சித்தப்பா முணுமுணுப்பது தெரியும்.)

மாதிரிக் கவுன்களைப் பழைய வாடிக்கையாளர்களிடமே முதலில் காட்டுவோம். விலையும் அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவாகட்டும். ஆனி முடிவதற்குள் சம்மதம் சொன்னால் துணி எடுத்துவிடுவேன்.