முன்னால் நிற்பதும் பின்னால் ஒட்டுவதும்: வேற்றுமை உருபுப் பாடம்

மாலை வகுப்பின் இரண்டாம் நிலைக்கு

நீங்கள் எல்லோரும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். யாராவது பேசினால் புரிகிறது. ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்ததும் ஆங்கிலம் முந்திக்கொள்கிறது. போன வார வீட்டுப்பாடத்தில் அடிக்கடி வந்த மூன்று வாக்கியங்கள் இவை:

டாக்டருக்குப் போனேன்.
கத்தியோடு பழத்தை வெட்டினேன்.
திங்கட்கிழமையில் வந்தேன்.

மூன்றிலும் எழுத்துப் பிழை இல்லை. ‘டு’ என்றால் கு, ‘வித்’ என்றால் ஓடு, ‘ஆன்’ என்றால் இல் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்தப் பட்டியலில்தான். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ் உருபு என்று கணக்குத் தீர்வதில்லை. பெயர்ச்சொல் ஆளா பொருளா, அந்த வினையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டால்தான் சரியான உருபு கிடைக்கும்.

(ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறிக்குள் தருகிறேன். இல்லாவிட்டால் ஆங்கில ‘இன்’னும் தமிழ் இன்னும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.)

ஒட்டுவதற்கு முன்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் அப்படியே இருக்கும், ‘ப்ரெபொசிஷன்’ அதற்கு முன்னால் வந்து நிற்கும். தமிழில் உருபு பெயரின் வாலில் ஒட்டும், ஒட்டும்போது பெயரையும் கொஞ்சம் மாற்றிவிடும். ஆங்கிலத்திலும் இதன் மிச்சம் இருக்கிறது: ‘ஹி’ என்பது ‘ஹிம்’ ஆகிறதே, அதுதான். அங்கே பிரதிப்பெயர்களோடு நின்றுவிட்டது, இங்கே எல்லாப் பெயருக்கும் உண்டு.

மாற்றங்களில் மூன்றை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ம் என்று முடியும் பெயர் ‘அத்து’ வாங்கும்: மரம், மரத்தை, மரத்தில். டு, று என்று முடியும் பல பெயர்களில் அந்த எழுத்து இரட்டிக்கும்: வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், கிணறு, கிணற்றில். இந்தப் பழக்கம் இரவல் சொல்லையும் விடவில்லை, ரோடு கூட ரோட்டில் ஆகிவிட்டது. மூன்றாவது, நான், நீ, நாம் ஆகியவை என், உன், நம் என்று குறுகும்: என்னை, உன்னால், நம்மோடு. கு சேரும்போது எனக்கு, உனக்கு, நமக்கு.

பழைய இலக்கணம் விளியையும் சேர்த்து வேற்றுமை எட்டு என்கிறது. தொல்காப்பியத்திலேயே அந்தக் கணக்கு உண்டு. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘நான்காம் வேற்றுமை’ என்று சொல்லத் தெரிந்து எனக்கு, உனக்கு என்று பேசத் தெரியாமல் போவதால் யாருக்கும் லாபமில்லை.

ஐ: ஆங்கிலத்தில் சொல்லே இல்லாத இடம்

‘நான் பால் குடித்தேன்’, ‘நான் பாலைக் குடித்தேன்’ இரண்டுமே சரி. முதலாவதில் ஏதோ பால். இரண்டாவதில் நாம் இருவரும் அறிந்த அந்தப் பால், ஒருவேளை நீங்கள் உங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தது. ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் வேலையில் ஒரு பகுதியைத் தமிழில் ஐ செய்கிறது.

ஆட்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ‘மாலா பார்த்தேன்’ என்று எழுதவே முடியாது. ‘மாலாவைப் பார்த்தேன்’தான்.

கு, இடம், இல்: மூன்றுக்கும் நடுவில் மாட்டும் ‘டு’

வகுப்பில் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள். இடத்துக்குப் போனால் கு: வீட்டுக்குப் போனேன், கடைக்குப் போனேன். ஆளைத் தேடிப் போனால் இடம்: டாக்டரிடம் போனேன். ‘டாக்டருக்குப் போனேன்’ என்றால் கேட்பவர் ‘டாக்டருக்கு என்ன ஆச்சு?’ என்றுதான் கேட்பார். பேச்சில் இடம் என்பது பெரும்பாலும் கிட்டே ஆகிவிடும்: டாக்டர்கிட்டே போனேன்.

இப்போது கொடு என்ற வினையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

புத்தகத்தை அவருக்குக் கொடு.
புத்தகத்தை அவரிடம் கொடு.

முதலாவதில் புத்தகம் அவருக்கு உரியதாகிறது. இரண்டாவதில் அவர் கையில் சேர்த்தால் போதும். அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம், நாளைக்கே திரும்பியும் வரலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே ‘டு’வில் அடக்கிவிடும். சொல், கேள், பேசு ஆகியவற்றோடு ஆளுக்கு இடம் வரும்: அவளிடம் சொன்னேன், அவளிடம் கேட்டேன்.

‘ஹேவ்’ என்ற வினைக்கும் இதே பிரிவுதான். உறவு என்றால் எனக்கு: எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பொருள் என்றால் என்னிடம்: என்னிடம் பேனா இருக்கிறது. வைத்திருப்பதே உயிரில்லாதது என்றால் இல்: இந்த அறையில் மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன.

இன்னொன்று. பசி, தெரிதல், பிடித்தல் போன்றவற்றில் ஆங்கிலம் ‘ஐ ஆம்’, ‘ஐ நோ’, ‘ஐ லைக்’ என்று ஆளை எழுவாயாக்கும். தமிழில் அவை ஆளுக்கு நேர்பவை: எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். இங்கே நான் என்று தொடங்கினால் வாக்கியம் அப்புறம் எழுந்திருக்காது.

ஆல், ஓடு, மற்றும் ‘பை’

கருவிக்கு ஆல், துணைக்கு ஓடு அல்லது உடன். கத்தியால் வெட்டினேன், தம்பியோடு வந்தேன். ‘கத்தியோடு வந்தான்’ என்பதும் சரியான வாக்கியம்தான், ஆனால் அதைக் கேட்டவர்கள் கதவைச் சாத்துவார்கள். காரணத்துக்கும் ஆல் வரும்: காய்ச்சலால் வரவில்லை.

‘பை’ என்றதும் ஆல் போட்டுவிடாதீர்கள். பயணம் என்றால் இல்: பஸ்ஸில் வந்தேன். பக்கம் என்றால் கதவுக்குப் பக்கத்தில். நேர வரம்பு என்றால் ஐந்து மணிக்குள்.

நேரம்

மணிக்குக் கு வரும்: ஐந்து மணிக்கு. ஆண்டுக்கு இல்: 2020இல். கிழமைக்கு ஒன்றுமே வேண்டாம்: திங்கட்கிழமை வந்தேன். ‘ஆன்’ இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் என்பதற்கும் உருபு தேவையில்லை: இரண்டு நாள் தங்கினேன். தொடங்கிய நாளைச் சொல்ல இலிருந்து: திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்.

‘ஆஃப்’

உடைய, இன் இரண்டும் உண்டு: அவளுடைய கை, மரத்தின் நிழல். பல இடங்களில் இரண்டையும் விட்டுவிடலாம்: வீட்டு வாசல், என் பேனா. எல்லாவற்றுக்கும் உடைய போட்டால் படிவம் நிரப்புவது போல ஒலிக்கும்.

பின்னால் வரும் தனிச்சொற்கள்

பற்றி, விட, சுற்றி, மேல், பின்னால் போன்றவை பெயருக்குப் பின் வருகின்றன. இவை தமக்கு முன் எந்த உருபைக் கேட்கின்றன என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பிறப்பைப் பார்த்தால் போதும். பற்றி, சுற்றி, நோக்கி, விட, தவிர எல்லாம் வினையிலிருந்து வந்தவை. ஒன்றைப் பற்றுகிறோம், ஒன்றைச் சுற்றுகிறோம். அதனால் ஐ கேட்கும்: உன்னைப் பற்றி, குளத்தைச் சுற்றி, என்னைவிட. பின், முன், உள், வெளி, பக்கம், எதிர் ஆகியவை இடத்தின் பெயர்கள். ஆகவே கு: வீட்டுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளே, பள்ளிக்கு எதிரில். வரை, இல்லாமல், வழியாக மூன்றும் உருபு இல்லாமலே நிற்கும்: ஐந்து மணி வரை, சத்தம் இல்லாமல், ஜன்னல் வழியாக.

மேல் கொஞ்சம் நுணுக்கமானது. ‘மேசை மேல் விளக்கு இருக்கிறது’ என்றால் விளக்கு மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ‘மேசைக்கு மேலே விளக்கு தொங்குகிறது’ என்றால் இடையில் காற்று. ஆங்கிலத்தின் ‘ஆன்’, ‘ஓவர்’ பிரிவை இங்கே ஒரு கு பார்த்துக்கொள்கிறது.

ஒற்று

ஐ, கு இரண்டுக்கும் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: வீட்டைப் பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். ஆல், ஓடு, இல் ஆகியவற்றின் பின் மிகாது: கத்தியால் பழத்தை வெட்டினேன், தம்பியோடு போனேன். இன்றைக்கு இது போதும்.

பயிற்சி

அடைப்புக்குள் இருக்கும் பெயருக்குத் தேவையான உருபைச் சேர்த்து முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ஒற்று வருமிடத்தில் அதையும் சேருங்கள். எழுதிய பின் வாய்விட்டுப் படியுங்கள்.

1. குழந்தை தன் (பந்து) தேடுகிறது.
2. (நான்) நீந்தத் தெரியாது.
3. (கிணறு) தண்ணீர் எடுத்தோம்.
4. இந்தக் கடிதம் (அப்பா) வந்தது. இதை (அண்ணன்) கொடு, அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.
5. (நீ) விட அவள் உயரம்.
6. (தம்பி) (ரயில்) வந்தேன்.
7. பூனை (கதவு) பின்னால் ஒளிந்திருக்கிறது.
8. (மழை) ஆட்டம் நின்றது.
9. கூட்டம் (புதன்கிழமை) (ஏழு மணி) தொடங்கும்.
10. (மரம்) நிழலில் உட்கார்ந்தோம்.
11. பறவைகள் (மரம்) சுற்றிப் பறந்தன.
12. (தங்கை) பேனா வாங்கினேன்.

விடைகள்

1. குழந்தை தன் பந்தைத் தேடுகிறது. தன் பந்து என்று குறிப்பிட்டுவிட்டதால் ஐ வேண்டும்.
2. எனக்கு நீந்தத் தெரியாது.
3. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தோம். கிணற்றில் என்று எழுதியிருந்தாலும் சரிதான், பேச்சில் அப்படியும் சொல்கிறோம்.
4. இந்தக் கடிதம் அப்பாவுக்கு வந்தது. இதை அண்ணனிடம் கொடு. கடிதம் யாருக்கு உரியது, யார் கையில் சேர்கிறது என்ற பிரிவைத்தான் மேலே கொடு வினையில் பார்த்தோம்.
5. உன்னைவிட அவள் உயரம்.
6. தம்பியோடு ரயிலில் வந்தேன். தம்பியுடன் என்றும் எழுதலாம். ரயிலால் என்று எழுதியவர்கள் ‘பை’ பகுதியை மறுபடி படிக்கவும்.
7. பூனை கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.
8. மழையால் ஆட்டம் நின்றது.
9. கூட்டம் புதன்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கும். கிழமையை அப்படியே விட்டிருந்தால் நல்லது.
10. மரத்து நிழலில், அல்லது மரத்தின் நிழலில் உட்கார்ந்தோம்.
11. பறவைகள் மரத்தைச் சுற்றிப் பறந்தன.
12. இதற்கு இரண்டு விடை. ‘தங்கைக்குப் பேனா வாங்கினேன்’ என்றால் பேனா இப்போது தங்கையுடையது. ‘தங்கையிடம் பேனா வாங்கினேன்’ என்றால் தங்கையின் பேனா இப்போது உங்கள் கையில். இரண்டையும் எழுதியவர்கள் அடுத்த பாடத்துக்குப் போகலாம். ஒன்றை மட்டும் எழுதியவர்கள், மற்றதற்குப் பொருத்தமான ஒரு சூழலை இரண்டு வரியில் எழுதி வாருங்கள்.