சரவணனுக்கு, திருமங்கலத்துக் கல்யாணம் பற்றி

மதுரை,
செவ்வாய் இரவு

அன்புள்ள சரவணா,

பிரபு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. சித்தி உன்னை ரெண்டு தடவை கேட்டாங்க. ஓசூர்ல லீவு கிடைக்கலன்னு சொன்னேன். உன் பேர்ல மொய் எழுதியாச்சு, ஆயிரத்தொண்ணு. நோட்டுல ஊர்ப் பேரு செல்லூர்னே போட்டிருக்கேன், பின்னாடி எடுத்துப் பார்க்கிறவங்களுக்கு அடையாளம் தெரியணும்ல.

இப்ப எழுதுறது வேற விஷயம். போன்ல சொன்னா நீ பாதியிலேயே முடிவு சொல்லிருவ. இதை முழுசா, வரிசையாப் படிச்சிட்டுச் சொல்லு.

பொண்ணோட பெரியப்பா மக ஒருத்தி, பேரு கயல். பொண்ணைவிட ஒரு வயசு சின்னவ. பேரையூர்ல வீடு, மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. பிரபுவுக்குக் கொழுந்தியா. பிரபு எனக்குத் தம்பிங்கிறதால எனக்கும் கட்டிக்கிற முறைதான். இதை முதல்ல மனசுல வச்சுக்க, ஏன்னா பாதிக் குழப்பம் இந்த முறையில இருந்துதான் வருது. மாப்பிள்ளை வீட்டுப் பையனைக் கொழுந்தியா முறைக்காரிக கேலி பண்றது, வம்பிழுக்கிறது, கூப்பிட்டு இலையில உக்கார வைக்கிறது எல்லாம் வழக்கம். அதைச் செய்யலன்னாத்தான் "பொண்ணு வீட்டுல மரியாதை இல்ல"ன்னு நம்ம பெரியம்மாக்களே பேசுவாங்க. அதனால சிரிச்சா, பேசினா, கவனிச்சாங்கிறதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது.

முதல் நாள் சாயங்காலம் நம்ம வேன் மண்டபத்து வாசல்ல நின்னப்ப அவதான் சந்தனக் கிண்ணத்தோட நின்னா. பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை பன்னீர்ச் செம்போட. எல்லாருக்கும் மாதிரி எனக்கும் சந்தனம், கல்கண்டு, ஒரு ரோஜா. இதைக் கணக்குல சேர்க்கல. ராத்திரிப் பந்தியிலயும் அப்படித்தான். பரிமாறுறது சமையல்காரர் ஆளுங்க, வரிசைக்கு ஒரு பிள்ளை நின்னு யாருக்கு என்ன வேணும்னு பார்த்துக்கிட்டாங்க. அவ நின்னது எதிர் வரிசை. என் பக்கம் திரும்பவே இல்ல.

கணக்குல சேர்க்க வேண்டியது அதுக்கப்புறம் நடந்தது. பந்தி முடிஞ்சு கை கழுவுற இடத்துல அவ தம்பியோட பேசிக்கிட்டிருந்தேன். ப்ளஸ் டூ படிக்கிறான், கல்லூரி பத்திக் கேட்டான். அவளும் வந்து நின்னா. பேச்சு எங்கெங்கயோ போயி, கத்தரிக்காய் சாப்பிட்டா எனக்கு உடம்பெல்லாம் தடிச்சிரும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான், பேச்சு மாறிருச்சு. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுல எண்ணெய்க் கத்தரிக்காய் வாளி என் இலைக்கு வந்தப்ப, ரெண்டு வரிசை தள்ளி நின்னவ, "அண்ணே, அவுகளுக்கு அது வேணாம், அவியல் வைங்க"ன்னு பரிமாறுறவர்கிட்டச் சொன்னா. என்னைப் பார்த்துச் சொல்லல. சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டா. நானூறு பேர் சாப்பிடுற பந்தியில, முதல் நாள் ராத்திரி போற போக்குல சொன்னது ஞாபகம் இருந்திருக்கு. சரவணா, அது எந்த வழக்கத்துலயும் சேராது.

அடுத்தது மொய் மேசை. முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரை. தாலி கட்டி அட்சதை போட்ட உடனே கூட்டம் மொய்க்கு வந்துரும், உனக்குத் தெரியும். லேப்டாப்புல எழுதி ரசீது குடுக்கிற ஆளை வைக்கலாம்னு சொன்னோம். நோட்டுதான் வேணும்னு சித்தப்பா நின்னுட்டார். அதனால நான் எழுத, நம்ம பாலு பணம் வாங்கி எண்ண, பித்தளைச் சட்டியில போட்டுக்கிட்டிருந்தோம். பொண்ணு வீட்டு மேசை எதிர்ல. கூட்டம் குறைஞ்சதும் அவ நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்தா. பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் போட்டுக் கடைசியில சட்டிப் பணத்தோட ஒப்பிடணும்ல, அதை அவளே வாங்கிப் போட்டா. ஒரு பக்கத்துல 501-ஐ 510-னு எழுதியிருந்ததைப் பாலு எண்ணினதை வச்சுக் கண்டுபிடிச்சுக் குடுத்தா. நடுவுல, "எப்பக் கிளம்புறீங்க? ஞாயித்துக்கிழமை மதுரையிலதான் இருப்பீங்களா?"ன்னு கேட்டா. "என்னங்க"ன்னுதான் கூப்பிட்டா.

அப்ப அவங்க மாமா ஒருத்தர் மேசைப் பக்கம் வந்தார். உடனே நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டா. குரல் மாறிருச்சு. "அண்ணே, எங்க பெரியாத்தா பேரு விட்டுப்போச்சான்னு பாருங்கண்ணே"ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னா. கட்டிக்கிற முறை உள்ளவனை அண்ணேங்கிறா! அந்த மாமாவே, "அண்ணன் இல்லத்தா, மச்சான் முறை"ன்னு திருத்தினார். அவ காதுல வாங்காத மாதிரி எந்திரிச்சுப் போயிட்டா.

போட்டோவுலயும் அதே கதை. ரெண்டு வீட்டு ஆளுகளும் சேர்ந்து நிக்கிறப்ப என் பக்கத்துல வந்து நின்னா. கேமராக்காரர் "இன்னும் கொஞ்சம் நெருங்கி"ன்னு சொல்றதுக்குள்ள அவங்கம்மா கீழ இருந்து பார்த்தாங்க. மறு நிமிஷம் கடைசி ஆளா, சின்னம்மாவுக்குப் பின்னாடி. ஆல்பம் வந்தா பாரு, பாதி முகம்தான் தெரியும்.

இந்த மாதிரி ஆள் இருக்கிறப்ப நடந்ததை எல்லாம் நான் அவ மனசுக்குச் சாட்சியா எடுத்துக்கல, எந்தப் பக்கமும். கல்யாண வீடுங்கிறது வயசுப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடமும்தான். யாரு யாரோட நின்னாங்கிறதை மறுநாள் பேரையூர்ல பேசுவாங்க. பேச்சு வந்தா பதில் சொல்ல வேண்டியது அவதான், நான் இல்ல. அதனால அவ தள்ளி நின்னதை வெறுப்புன்னும் எடுத்துக்க மாட்டேன். யாரும் பார்க்காதப்ப என்ன செஞ்சாங்கிறதுதான் எனக்கு முக்கியம். ஆனா அதுலயும் ரெண்டு விதமா இருக்கு, அதனாலதான் இந்தக் கடுதாசி.

மத்தியானம் தாம்பூலப் பை போடுற இடத்துல அவ மட்டும் இருந்தா. பைக்கு ஒரு தேங்காய், வெத்தலை, பாக்குப் பொட்டலம், ஒரு சாத்துக்குடி. தேங்காய் மூட்டையை நான் பிரிச்சுக் குடுத்தேன். கொஞ்ச நேரம் வேலை பார்த்தபடியே பேசினோம். நான் நேராவே கேட்டேன்: "மதுரையில ஒருநாள் பார்க்கலாமா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அதோட விட்டுர்றேன்." அவ கை நிக்கல. வெத்தலையை எடுத்து வச்சபடியே "பார்க்கலாம்"னா. கொஞ்சம் பொறுத்து, "வீட்டுல எனக்குப் பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க"ன்னா. வேற எதுவும் சொல்லல. அவ தம்பி வந்துட்டான், பேச்சு நின்னுபோச்சு.

இந்த ரெண்டாவது வாக்கியத்தை எப்படி எடுத்துக்கிறது? நம்ம பக்கத்துல இதை ரெண்டு அர்த்தத்துல சொல்லுவாங்க. "சீக்கிரம் ஏதாவது செய்"னும் இருக்கலாம், "ஆசையை வளர்த்துக்காத"ன்னும் இருக்கலாம். முதல் அர்த்தமா இருந்தா முகத்தைப் பார்த்திருப்பா, இல்ல என் வீட்டைப் பத்தி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பா. ரெண்டாவதா இருந்தா "பார்க்கலாம்"னு ஏன் சொல்லணும்? மூணாவதா ஒண்ணு எனக்குத் தோணுது: அவளே இன்னும் முடிவு பண்ணல. இருக்கிற நிலைமையை மட்டும் சொல்லி வச்சிருக்கா. எனக்கு அதுதான் சரின்னு படுது.

சாயங்காலம் வேன் ஏறுறப்ப என் சார்ஜரை மொய் மேசையிலேயே விட்டுட்டு வந்தது தெரிஞ்சது. அவ தம்பி ஓடி வந்து குடுத்தான். வயரை அழகாச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டிருந்துச்சு, "அக்கா குடுக்கச் சொன்னா"ன்னான். அக்கா வாசத்தூண் பக்கத்துலதான் நின்னா. கையசைக்கல.

இனி போன். நான் எடுத்த போட்டோவை அனுப்பச் சொல்லி அவதான் நம்பரை வாங்கினா. அன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் அனுப்பினேன். உடனே நீல டிக், "ரொம்ப நல்லா வந்திருக்கு, நன்றி"ன்னு பதில். மறுநாள், "ஞாயித்துக்கிழமை மதுரையிலதான் இருக்கேன்"னு மட்டும் அனுப்பினேன். ரெண்டு டிக் விழுந்துச்சு, இதுவரைக்கும் நீலமாகல. நீ உடனே "படிக்கல"ன்னு சொல்லாத. மேல வர்ற அறிவிப்புலயே முழுசாப் படிச்சிரலாம், உள்ள போகாம நீலம் வராது. நீல டிக்கையே அணைச்சு வச்சிருக்கலாம், அப்படி வச்சா ஸ்டேட்டஸ் பார்த்ததும் தெரியாது. அவ போனைத் தம்பியும் எடுக்கிறான்ங்கிறதையும் மறந்துராத. அதனால டிக்கை வச்சு எதுவும் தெரியாது. பதில் வரலங்கிறது மட்டும் நிஜம்.

நான் முடிவு பண்ணியிருக்கிறது இது. இன்னொரு மெசேஜ் அனுப்ப மாட்டேன். கேட்க வேண்டியதைத் தெளிவாக் கேட்டாச்சு, அடுத்தது அவ முறை. சித்திகிட்டயோ பிரபு பொண்டாட்டிகிட்டயோ வாயத் திறக்க மாட்டேன். நம்ம ஊர்ல ஒரு பொண்ணைப் பத்தி விசாரிச்சாலே அது பெண் கேட்டதா ஆயிரும். அவளை உக்கார வச்சுக் கேள்வி கேட்பாங்க, வேலைக்குப் போறதுகூட நின்னுபோகலாம். என் தெளிவுக்காக அவளுக்கு அந்தக் கஷ்டம் வரக்கூடாது.

உன்கிட்டக் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. தங்கச்சிக்குப் பிறந்த வீடு பேரையூர்தானே. அவளாப் போயி விசாரிக்க வேணாம். அவங்கம்மாகிட்டப் பேசுறப்ப ஊர்ச் சங்கதி வந்தா, அந்த வீட்டுல ஏதாவது பேசி முடிச்சிருக்காங்களான்னு மட்டும் காதுல வாங்கட்டும். என் பேரு, பிரபு பேரு எதுவும் வரக்கூடாது. பேச்சு தானா வரலன்னா விட்டுரச் சொல்லு. ஏற்கெனவே முடிச்சிருந்தா எனக்கு ஒரு வரி எழுது, அதோட நான் நிறுத்திக்கிறேன். முடிக்கலன்னாலும் அவ பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கத்தான் போறேன். ஆனா காத்திருக்கிறதுல அர்த்தம் இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்.

கத்தரிக்காய் விஷயத்தை மட்டும் தங்கச்சிகிட்டச் சொல்லிக் கேளு. ஒரு பொண்ணு அதை எதுக்காகச் செய்வான்னு நம்ம ரெண்டு பேரையும்விட அவளுக்கு நல்லாத் தெரியும். அவ என்ன சொன்னாலும், எனக்குப் பிடிக்காதுன்னாலும், அப்படியே எழுது.

உன் தாம்பூலப் பையைப் பாலுகிட்டக் குடுத்துவிட்டிருக்கேன். அவன் வியாழக்கிழமை ஓசூர் வர்றான்.

அன்புடன்,
முத்துக்குமார்