அப்பாவின் மருந்து விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். உடனே காபி கேட்பார், 7 மணிக்குத்தான்.

8 மணிக்கு டிபன் தட்டு முன்னால் வந்த பிறகே கிளிமிபிரைடு. சாப்பிட மாட்டேன் என்றால் அதைக் கொடுக்காமல் எனக்கு போன் செய்யுங்கள். சாப்பிட்டதும் மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை. மதியம் 1 மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் ஆஸ்பிரின். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டபின் இன்னொரு மெட்ஃபார்மின், படுக்குமுன் கொழுப்பு மாத்திரை.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மெஷினில் பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம். மூட்டுவலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிவரச் சொல்வார், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். போட்டாயிற்று என்பார், நம்பாமல் டப்பாவைத் திறந்து பாருங்கள். கட்டிலிலிருந்து சட்டென எழ விடாதீர்கள், தலைசுற்றும்.

சிங்கப்பூரில் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதைப் பார்க்காதீர்கள், நடுராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள். உங்கள் சம்பளம் 1-ஆம் தேதி வந்துவிடும்.

அன்புடன்,
கவிதா