எந்தப் பாலம்ட்டி?

(2025 மே மாதக் கடைசி. பேச்சி டீச்சரின் பணி நிறைவு விருந்தில், திருநெல்வேலி டவுனில் அவள் வீட்டு மொட்டை மாடியில், பாளையங்கோட்டைத் தோழி கோமு பாடுவது. கும்மி மெட்டு. "எந்தப் பாலம்ட்டி?" என்று வரும் இடமெல்லாம் கூட்டம் கைதட்டிக் கேட்க வேண்டும். பேச்சி குறுக்கே பேசினால் பாட்டை நிறுத்த வேண்டாம். கடைசிச் சரணத்துக்காகக் கோமு விருந்துக்கு வேண்டுமென்றே தாமதமாக வர வேண்டும்.)

பல்லவி

பாலத்துல ஏறிட்டேன் ஏட்டி – இந்தா
பத்து நிமிசத்தில் வந்துருவேன்!
காலமும் ஐம்பதைத் தொட்டாச்சு – பேச்சி,
கடந்து முடியலையே அந்தப் பாலம்!

(கூட்டம்) எந்தப் பாலம்ட்டி? எந்தப் பாலம்?

சரணம் 1

1976, ஆறாம் வகுப்பு – பாளையங்
கோட்டையில் ஒன்பதரை மணியடிப்பு.
ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ – நீ
பத்தேகாலுக்கு வாசலில் நிற்பாய்.
"டவுனிலே இருந்து வாரேன் டீச்சர் – பஸ்
பாலத்திலே நின்னு போச்சு டீச்சர்!"
டீச்சர் நம்பினாள், நான் நம்பவில்லை – உன்
வாயோரம் மின்னிச்சே இட்லிப்பொடி எண்ணெய்!

(கூட்டம்) எந்தப் பாலம்ட்டி? எந்தப் பாலம்?

சரணம் 2

டவுனைத் தாண்டினால் ஈரடுக்குப் பாலம் –
மேலே பஸ் ஓடும், கீழே சைக்கிள் ஓடும்.
"மேலேயா கீழேயா?" என்று கேட்டால் – நீ
"நடுவிலே" என்பாய், நாக்கைப் பாரு!

ஜங்ஷன் கழிந்தால் ஆற்றுப் பாலம் – சுலோசன
முதலியார் கைக்காசு போட்ட பாலம்.
1843-லே அந்த மனுஷன் – பேச்சி
சாக்குச் சொல்லவா கட்டி வைத்தார்?
பக்கத்தில் இப்போ புதுப்பாலம் வேறே – உன்
சாக்குக்கும் ஆச்சு இருவழிச் சாலை!

(கூட்டம்) எந்தப் பாலம்ட்டி? எந்தப் பாலம்?

சரணம் 3

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை – நீ
முன்னால் நிற்பாய் என்றிருந்தேன்.
தாலி ஏறிச்சு, தாம்பூலம் ஆச்சு – நீ
மூணாம் பந்திக்கு ஓடி வந்தாய்.
ஆல்பம் முழுக்கத் தேடிப் பார்த்தேன் – ஒரே
படத்தில் இருக்கே, இலைக்கு முன்னே,
பாயசம் வழிஞ்ச கையோடே!
மறுநாள் சொதிச் சாப்பாடு என்றதும் – அம்மாடி,
எட்டு மணிக்கே இலைக்கு வந்தாய்!
(வசனம்: அன்னிக்கு மட்டும் பாலமே இல்லை போல. நீந்தி வந்திருப்பாள்.)

சரணம் 4

கைபேசி வந்தது, பொய் பிடிபட்டது –
"பாலத்துல ஏறிட்டேன்" என்கிறாய் நீ.
உஸ்ஸ்ஸ் என்றொரு குக்கர் விசில்! – ஏட்டி,
பாலத்தில் யாருட்டி பருப்பு வேகவைக்கா?
"ஆச்சி ஒருத்தி கடை போட்டிருக்கா" என்றாய் – அடுத்த
விசிலுக்கு "ரயிலு போகுதுட்டி" என்றாய்!

(கூட்டம்) எந்தப் பாலம்ட்டி? எந்தப் பாலம்?

2023 மார்கழி வெள்ளம் – தாமிர
பரணி கரையை மறந்து போச்சு.
ஊரெல்லாம் இருட்டு, உள்ளெல்லாம் பயம் – நீ
போனில் கேட்டது இதைத்தானே:
"ஏட்டி, ஆறும் என்னை மாதிரியே
பாலத்துல ஏறிட்டேன்னு சொல்லுதாமே?"

சரணம் 5

(கை தட்ட வேண்டாம். மெட்டு மெதுவாக.)

அவருக்கு நெஞ்சுவலி, ராத்திரி ரெண்டு மணி –
ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் தனியாய்.
"பாலத்துல ஏறிட்டேன்" என்றாய் – எனக்கு
அழுகைக்கு நடுவே ஆத்திரம் வந்தது.
போனை வைக்கும் முன் ஆட்டோச் சத்தம்.
ஒரு காலில் உன் செருப்பு,
மறு காலில் அண்ணாச்சி செருப்பு,
இடுப்பில் பிளாஸ்க்கு, தலை விரிஞ்சு கிடக்கு.
அந்தக் காப்பியில் சீனி இல்லை – அதை
இன்னிக்கும் குத்திக் காட்டுதேன் பாரு!

(கூட்டம் இங்கே கேட்கக் கூடாது. எந்தப் பாலம் என்று எனக்குத் தெரியும்.)

சரணம் 6

(மறுபடி கும்மி, வேகமாக.)

ஆறு மணிக்கு விருந்து என்றாய் – நான்
ஏழே முக்காலுக்கு ஏறி வந்தேன்.
அஞ்சு தடவை போனில் கத்தினாய் – "ஏ கோமு,
கேக்கு வெட்டணும், எங்கட்டி நிக்கே?"
சேலைக் கொசுவத்தைச் செருகிக்கிட்டே – நான்
வீட்டுக் கண்ணாடி முன்னே நின்னு
சொன்னேன் பாரு, என்னா ருசி!
"பாலத்துல ஏறிட்டேன் ஏட்டி – இந்தா
பத்து நிமிசத்தில் வந்துருவேன்!"

(பேச்சி மட்டும்) எந்தப் பாலம்ட்டி?

(கோமு) நடுவிலேட்டி, நடுவிலே!