புதுமனை புகுவிழா அழைப்பு

உ
வடிவுடையம்மன் துணை

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா மற்றும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் நாங்கள் கட்டியுள்ள வீட்டின் கிரகப்பிரவேசம், தை 14ஆம் நாள், 28.01.2026 புதன்கிழமை, வளர்பிறையில், அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள் நடைபெற இருக்கிறது. கொருக்குப்பேட்டை வாடகை வீட்டிலிருந்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்த அம்மாதான் பால் காய்ச்சுகிறார். அந்த நேரத்தில் நீங்கள் எல்லோரும் அருகில் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

வேலைநாள் என்பது தெரியும். ஐயர் குறித்துக் கொடுத்த நாள்களில் அம்மாவின் நட்சத்திரத்துக்குப் பொருந்தியது இது ஒன்றுதான். பசுவும் கன்றும் வீட்டுக்குள் வருவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல்நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள், ஏனெனில் அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓடாது. மாடியில் பாய், தலையணை எல்லாம் தயாராக இருக்கும்; கொசுவத்தியும்தான், இது நம் வடசென்னை.

விடிந்த பிறகு வருகிறவர்கள் விம்கோ நகர் செல்லும் மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கினால் போதும். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கும் ஊர்க்காரர்கள் சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். காரில் வருகிறவர்கள் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தவிர்த்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே வாருங்கள். எங்கள் தெருவுக்குள் கார் நுழைந்தால் திரும்ப இடமில்லை என்பதால் முனையிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

2023 மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீரைப் பார்த்த பிறகு தரைமட்டத்தை மூன்றடி உயர்த்தியே கட்டினோம். அதனால் வாசலில் ஆறு படிகள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்காகப் பக்கவாட்டில் சாய்தளம் போட்டு, கைப்பிடியும் வைத்திருக்கிறோம். பாட்டியைத் தயங்காமல் அழைத்து வாருங்கள்.

காலைச் சிற்றுண்டி 7 மணி முதல், மதிய விருந்து 12 மணி முதல். இரண்டும் சைவம். காசிமேட்டு மீன் எங்கே என்று கேட்கப்போகும் மாமாவுக்கு வியாழக்கிழமை தனியாகக் கவனிப்பு உண்டு. குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமும் ஏற்கெனவே போதுமான அளவு சேர்ந்துவிட்டபடியால், பரிசு என்று எதுவும் வாங்கி வர வேண்டாம். உங்கள் வாழ்த்தே போதும்.

மூத்தவர்களின் வீடுகளுக்குத் தாம்பூலத்துடன் நேரில் வந்துகொண்டிருக்கிறோம். நேரம் போதாமல் எவர் வீட்டுக்காவது வர இயலாமற்போனால், குழுவில் அனுப்பிய செய்திதானே என்று மனத்தாங்கல் கொள்ளாமல், இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக் குடும்பத்துடன் வர வேண்டுகிறோம். சமையல்காரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால், எத்தனை பேர் வருகிறீர்கள், யார் யார் முதல்நாளே தங்குகிறீர்கள் என்பதை 25ஆம் தேதி ஞாயிறு இரவுக்குள் இங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டின் லொகேஷனை அடுத்த செய்தியில் அனுப்புகிறேன்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
குமரேசன் – செல்வி,
தங்கை கலைவாணி மற்றும் அம்மா