கூட்டங்களில் பலர் முன்னிலையில் அவமதிக்கப்படுவது பற்றிய முறைப்பாடு

ஒட்டுசுட்டான்
2025.03.18

மனிதவள முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
வவுனியா.

மதிப்பிற்குரிய அம்மணி,

கிளை முகாமையாளர் தொடர்பான முறைப்பாடு

கடிதங்களைக் கிளை முகாமையாளர் ஊடாக அனுப்புவதே வழமை. முறைப்பாடே அவர் மீது என்பதால் நேரடியாக எழுதுகிறேன்.

கள உத்தியோகத்தராக ஒன்பது வருடங்கள் வேலை செய்கிறேன். கடந்த நவம்பரிலிருந்து திங்கட்கிழமைக் கூட்டங்களில் முகாமையாளர் என்னை எழுப்பி நிற்கவைத்துத்தான் பேசுகிறார். மற்றவர்கள் இருந்தபடியே பதில் சொல்வார்கள்.

2024.12.02 அன்று எனது மாத அறிக்கை தாமதம் என்றார். தாமதம்தான், மறுக்கவில்லை. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய வெள்ளம் வந்த வாரம் அது; எனது மூன்று கிராமங்களுக்கும் தெரு இருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, "முகாமில படிச்ச ஆக்களுக்குக் கணக்கு எங்க ஓடப்போகுது" என்றார். சிலர் சிரித்தார்கள். 2009இல் செட்டிகுளம் முகாமிலிருந்துதான் உயர்தரம் எழுதினேன். விண்ணப்பப் படிவத்தில் நானே எழுதிக் கொடுத்த விபரம் அது. கூட்டத்தில் என்மேல் எறிவதற்காகக் கொடுக்கவில்லை.

2025.02.10 அன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிகள் இருவரும் கூட்டத்துக்கு வந்திருந்தனர். கோழிக்கூட்டுக் கொடுப்பனவுப் பட்டியலில் ஒரு பெயர் இரு தடவை பதிவாகியிருந்தது. பணம் வழங்கமுன் நானே கண்டு திருத்திய பிழை. முகாமையாளர் பட்டியலைத் தூக்கிக் காட்டி, "இவவை நம்பித்தான் உங்கட காசு கிடக்கு" என்று அவர்களிடம் சொன்னார். அடுத்த கிழமை கிராமத்துக்குப் போனபோது தலைவி ஒருவர் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, "பிள்ளை, உமக்கு வேலை போகப்போகுதாமே?" என்று கேட்டார். அன்று சேமிப்புப் புத்தகங்களைப் பார்வையிடக் கேட்க எனக்கு நா எழவில்லை.

நேற்றைய கூட்டத்திலும் இதே கதைதான். கூட்ட அறிக்கைப் புத்தகத்திலோ "அறிக்கைத் தாமதம் குறித்து ஆராயப்பட்டது" என்ற ஒரு வரி மட்டுமே இருக்கிறது. பெப்ரவரி 14இல் அவரது அறையில் தனியே சந்தித்து, பிழையை அறைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டேன். "ரோசம் கூடிப்போச்சு" என்றார்.

எனது கோரிக்கைகள் இவை: கூட்டங்களில் இருந்த சக உத்தியோகத்தர்களைத் தனித்தனியே, முகாமையாளர் இல்லாத இடத்தில் விசாரியுங்கள். அதே அலுவலகத்தில் வைத்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விசாரணை முடியும்வரை எனது வேலை பற்றிய குறைகளை எழுத்தில் தரச் செய்யுங்கள். எழுத்திலேயே பதில் தருவேன். இதற்குத் தீர்வாக என்னை வேறு கிளைக்கு மாற்ற வேண்டாம். இந்தக் கிராமங்களில் எனக்கு முடிக்க வேலை இருக்கிறது.

திகதிவாரியாக நான் எழுதிவைத்த குறிப்புகளின் பிரதியையும், திருத்திய பட்டியலின் பிரதியையும் இணைத்துள்ளேன். கடிதம் கிடைத்ததை எழுத்தில் அறியத்தரவும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
கள உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான் பிரிவு
ஊழியர் இல. 47