ஏற்காடு மாட்டுக்காரங்க கவனத்துக்கு – கோமாரி வந்திருக்கு

எல்லாருக்கும் வணக்கம்ங்க, கால்நடை டாக்டர் பேசுறேன். நாகலூர் பக்கம் சில மாட்டுக்கு கோமாரி வந்திருக்கு, அதனால இன்னியிலருந்து மறுபடி நான் சொல்ற வரைக்கும் நாகலூர் சுத்துவட்டாரத்துல மாடு, ஆடு, பன்னி எதையும் வெளிய ஓட்டாதீங்க, வெளியூர்லருந்தும் வாங்கிட்டு வராதீங்க. சந்தைக்கு ராத்திரி குட்டியானைல ஏத்தி குப்பனூர் ரோட்டுல இறக்கிடலாம்னு யாரும் நெனைக்க வேணாம், அங்கயும் ஆள் நிக்கும். பொது மேய்ச்சல், பொதுத் தொட்டித் தண்ணி ரெண்டும் நிறுத்திருங்க.

வாயில கயிறு மாதிரி எச்சில் ஒழுகறது, நாக்குல கொப்புளம், குளம்பு நடுவுல புண்ணு, நொண்டறது, காய்ச்சல், பால் திடீர்னு கொறையறது, இதுல ஒன்னு பாத்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு சொல்லுங்க, இல்லனா 1962க்கு அடிங்க. தகவல் சொல்றது 2009-ல வந்த கால்நடை தொத்துநோய் தடுப்புச் சட்டப்படி உங்க கடமை. சொன்னா மாட்ட புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பேசிக்கிறாங்களாம், அதெல்லாம் சும்மா, மருந்து போடத்தான் வருவோம்.

நோவு மாட்ட தனியா கட்டுங்க, அதோட பால கன்னுக்குட்டிக்கு விடாதீங்க, குட்டிக்கு இதயம் பாதிச்சு பொசுக்குனு போயிரும். பால்காரர் கேனு, செருப்பு, வண்டி டயரு வழியாவும் பரவுது, ஒரு லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் சலவை சோடா கரைச்சு கழுவுங்க. நல்லா இருக்கற மாட்டுக்கு வீடு தேடி வந்து ஊசி போடுவோம், காலைல மேய்ச்சலுக்கு விடாம கட்டி வைங்க.